மொய் நோட்டை மைக்ல படிச்ச பையன்

ஜனவரில ஒருத்தரைப் பாத்துட்டு வந்தேன். டேட்டுன்னு வீட்ல சொல்ல முடியாது, "பேசிட்டு வரேன்"னுதான் சொல்லணும். ஜாதகம் எல்லாம் பொருந்திடுச்சு, நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவ பேசிப் பாருங்கன்னு ரெண்டு வீட்லயும் விட்டுட்டாங்க, பெசன்ட் நகர்ல ஒரு காபி கடை, சனிக்கிழமை சாயங்காலம். மனுஷன் அப்படி சிரிக்க வச்சாரு. அபார்ட்மென்ட் வாட்ச்மேன் கதை, ஆபீஸ்ல தப்புத் தப்பா இங்கிலீஷ் பேசுற மேனேஜர் கதை, கல்யாணத்துக்கு ஜிபிஎஸ் போட்டு வேற மண்டபத்துல போய் சாப்ட்டு வந்த மாமா கதை. ஒன்றரை மணி நேரம் போனதே தெரியல. ரூமுக்கு வந்து என் ரூம்மேட்கிட்ட ஒண்ணு விடாம சொன்னேன், அவரு மாதிரியே நடிச்சும் காட்டினேன். அவ துணி மடிச்சுக்கிட்டே எல்லாத்தையும் கேட்டுட்டு, "ஏன்டி, எல்லா கதைலயும் யாராவது ஒருத்தர் முட்டாளா இருக்காங்களே, ஒரு கதைலயாவது அவரு முட்டாளா இருக்காரா?"ன்னா. நான் யோசிச்சுப் பாத்தேன். இல்ல.

இதுல பெருசா ஒண்ணும் இல்லன்னு சொல்லலாம். முதல் தடவ ஒரு பொண்ணைப் பாக்க வர்ற ஆளு தன்னோட மானத்தை தானே வாங்கிக்குவானா? நானும் அப்படித்தான் ரூம்மேட்கிட்ட சண்டை போட்டேன். ஆனா அந்தக் கேள்வி போகவே இல்ல. அவரைப் பத்தின சந்தேகமா கூட இல்ல, நான் ஒன்றரை மணி நேரம் சிரிச்சிருக்கேன், ஆனா அவரைப் பத்தி எனக்கு என்ன தெரியும்னு பாத்தா ஊரு, சம்பளம், ஒரு வாட்ச்மேன், ஒரு மேனேஜர், ஒரு மாமா. அவ்ளோதான். நான் என்ன கேட்டேன்னு திரும்ப ஓட்டிப் பாத்தா அதுக்கு மேல எப்படி தெரியும், நான் கேட்டது எல்லாம் "ட்ராவல் பிடிக்குமா", "சமைப்பீங்களா", "வீக்கென்ட்ல என்ன பண்ணுவீங்க". ட்ராவல் பிடிக்காதுன்னு சொன்ன ஒரு மாப்பிள்ளையை நான் இன்னும் பாக்கல.

கலாம் ஐயாவோட டின்னர்

அதுக்கப்புறம் கொஞ்ச நாள் கேள்வி தேடுற கிறுக்கு பிடிச்சுது. நெட்ல தேடினா முதல்ல வந்து நிக்கிறது அந்த 36 கேள்விதான். ஆர்தர் ஆரோன்னு ஒரு உளவியல் ஆளும் அவரோட கூட்டாளிங்களும் 1997ல வெளியிட்ட ஆராய்ச்சி, முன்ன பின்ன தெரியாத ரெண்டு பேரை 45 நிமிஷம் உக்கார வச்சு, மூணு செட்டா பிரிச்ச கேள்விகளை மாத்தி மாத்தி கேக்க வச்சிருக்காங்க. அவங்க பாத்தது நெருக்கம் வருதான்னு, காதல் வருதான்னு இல்ல. 2015ல நியூயார்க் டைம்ஸ்ல ஒரு கட்டுரை வந்தப்புறம்தான் அது ஏதோ வசிய மருந்து மாதிரி ஊரெல்லாம் பரவுச்சு. நானும் ஒருத்தர்கிட்ட அதோட முதல் கேள்வியைப் போட்டேன், உலகத்துல யாரை வேணா டின்னருக்கு கூப்பிடலாம்னா யாரைக் கூப்பிடுவீங்க? கலாம் ஐயான்னாரு. அடுத்தவரும் கலாம் ஐயா. மூணாவது ஆளு இளையராஜான்னு சொன்னப்ப எழுந்து நின்னு கை தட்டலாம்னு தோணுச்சு.

கேள்வி மேல குத்தம் சொல்லல. அந்த 36லயும் விஷயம் கேள்வில மட்டும் இல்லன்னு எனக்கு லேட்டாதான் புரிஞ்சுது, லேசுல ஆரம்பிச்சு மெதுவா ஆழமா போற வரிசைலயும், ரெண்டு பேருமே எல்லாத்துக்கும் பதில் சொல்லணும்ன்றதுலயும் இருக்கு. நான் பண்ணது அதுல ஒரே ஒரு கேள்வியை உருவி ஒருத்தரை மட்டும் கேட்டது. அது இன்டர்வியூ. இன்டர்வியூல எல்லாரும் நல்லவங்கதான்.

நாலஞ்சு பேரைப் பாத்தப்புறம் ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. "உங்களுக்கு வாழ்க்கைல எது முக்கியம்"னு கேட்டா ஃபேமிலி, ஹானஸ்டி, ரெஸ்பெக்ட்னு மூணு வார்த்தை வரும், அதை வச்சு ரேஷன் கடைல ஒரு கிலோ சர்க்கரை கூட வாங்க முடியாது. அதே விஷயத்தை நடந்த ஒண்ணா கேட்டா ஆளு தடுமாறுவாரு. "கடைசியா எதுக்கு காசு செலவு பண்ணிட்டு வீட்ல சொல்லல?" இதுக்கு ஒருத்தர் ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, தங்கச்சியோட ஸ்கூட்டர் ட்யூ ரெண்டு மாசம் கட்டினேன், மச்சானுக்கு தெரிஞ்சா வருத்தப்படுவாரு, அதனால வீட்லயும் சொல்லலன்னாரு. பணம், தங்கச்சி, மச்சானோட கௌரவம், வீட்ல மறைக்கிற பழக்கம், நாலும் ஒரே பதில்ல. இதுல நல்லதும் இருக்கு, நாளைக்கு என்கிட்டயும் மறைப்பாரான்னு ஒரு கேள்வியும் இருக்கு. "நீங்க குடும்பத்துக்கு உதவி பண்ணுவீங்களா"ன்னு கேட்டிருந்தா "கண்டிப்பா"ன்னு சொல்லிட்டு காபி குடிச்சிருப்பாரு.

பதில் தயார் பண்ணி வச்சதா இல்லையான்னு கண்டுபிடிக்கறதும் கஷ்டம் இல்ல. தயார் பதில் சட்டுன்னு வரும், முழுசா வரும், கடைசில ஒரு தத்துவம் வச்சு முடியும். நெஜ பதில்ல "இல்ல இல்ல, அது அதுக்கு அப்புறம்", "அப்ப எனக்கு பதினாறு வயசு, இல்ல பதினேழு"ன்னு திருத்தம் வரும். இன்னொண்ணு, பாஷை மாறும். எங்க ஊர் பசங்க இங்கிலீஷ்லதான் ஆரம்பிப்பாங்க, நானும்தான். நெஜமா ஞாபகம் வர ஆரம்பிச்சா தமிழ் வந்துரும், அம்மா பேசினது அப்பா பேசினதை எல்லாம் இங்கிலீஷ்ல சொல்ல முடியாது இல்லையா.

யாரை வச்சு சிரிக்கிறாங்க

கேள்வி கூட தேறிடும், சிரிப்புதான் குழப்பம். "சென்ஸ் ஆஃப் ஹ்யூமர் இருக்கணும்"னு ப்ரொஃபைல்ல எல்லாரும் போடுறோம், அது என்ன ஒரே சரக்கா? கனடால ராட் மார்ட்டின்னு ஒருத்தர், நகைச்சுவை பத்தியே வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணவர், 2003ல அவரும் கூட இருந்தவங்களும் இதை நாலா பிரிச்சாங்க. எல்லாரையும் சேத்துக்கிட்டு சிரிக்க வைக்கிறது ஒண்ணு. தனியா கஷ்டத்துல இருக்கும்போது தனக்குத்தானே சிரிச்சு சமாளிக்கிறது ஒண்ணு. அடுத்தவங்களை மட்டம் தட்டுறது ஒண்ணு. அடுத்தவங்க சிரிக்கணும்னு தன்னையே மட்டம் தட்டிக்கிறது ஒண்ணு. இந்த கடைசி ஒண்ணை நாம பணிவுன்னு நெனச்சு ஏமாறுவோம். நான் பாத்ததுல ஒருத்தர் இப்படித்தான், "என்னை எல்லாம் எவ கட்டிப்பா"ன்னு அரை மணிக்கு நாலு தடவ, ஒவ்வொரு தடவையும் நான் "அய்யோ அப்படி இல்லைங்க"ன்னு சொல்லணும், வீட்டுக்கு வந்தப்ப பஸ்ல நின்னுட்டே வந்த மாதிரி அசதி.

இந்த நாலுல எதுன்னு மேஜைல உக்காந்துட்டு கண்டுபிடிக்கிறது ஈஸி இல்ல, ஏன்னா எல்லாமே சிரிப்பாதான் கேக்கும். ஜனவரி ஆளு சொன்னதுக்கு நானே சிரிச்சேனே. அதனால நான் ஒரே ஒரு கேள்வியைப் பிடிச்சுக்கிட்டேன்: உங்க சொந்தக்காரங்க எல்லாரும் ஒரு விசேஷத்துக்கு கூடினா, உங்களைப் பத்தி திரும்பத் திரும்ப சொல்லி சிரிக்கிற கதை எது? இதுக்கு கலாம் ஐயான்னு சொல்ல முடியாது. ஆளும் உள்ள இருப்பாரு, குடும்பமும் உள்ள இருக்கும், யாரு யாரை வச்சு சிரிக்கிறாங்கன்னும் தெரிஞ்சுரும்.

அம்பத்தொண்ணு

ஏப்ரல்ல ஒருத்தர். இது ரெண்டாவது தடவ, முதல் தடவ ரெண்டு பேரும் பயங்கர மரியாதையா தோசை சாப்ட்டுட்டு வந்துட்டோம். இந்த தடவ பெசன்ட் நகர் பீச், அங்க இருக்கிற ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்குப் பக்கத்துல மணல்ல உக்காந்தோம், சுண்டல் வாங்கினோம். கேள்வியைக் கேட்டேன். கேட்டதும் சிரிச்சுட்டாரு, "அய்யோ மொய் நோட்டு"ன்னு.

ராஜபாளையம் பக்கம் அவரு ஊரு. அஞ்சாங்கிளாஸ் படிக்கும்போது அத்தை கல்யாணம், மொய் எழுதுற மாமா பக்கத்துல உக்காந்து மஞ்சப்பையைப் பிடிச்சுக்கிற வேலை இவருக்கு. மாமா கைகழுவப் போயிருக்காரு. பக்கத்து மேடைல கச்சேரிக்காரங்க மைக்கை ஆன்லயே வச்சுட்டு சாப்பிடப் போயிட்டாங்க. பையன் நோட்டைத் தூக்கிட்டு மேல ஏறி கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி ஆரம்பிச்சுட்டான், "கீழத்தெரு தாத்தா நூத்தியொண்ணு, டீச்சரம்மா அம்பது, எவர்சில்வர் குடம் ஒண்ணு..." அப்படியே போய் "நம்ம பெரியப்பா, அம்பத்தொண்ணு!" பெரியப்பா ஆயிரத்தியொண்ணு செஞ்சேன்னு அன்னைக்கு காலைல இருந்து பந்தி பந்தியா சொல்லிட்டு இருந்திருக்காரு. அந்த "அம்பத்தொண்ணு"வை இவரு அந்த வயசுப் பையன் குரல்ல கத்திக் காட்டினப்ப என் கைல இருந்த பொட்டலம் சாஞ்சு பாதி சுண்டல் மணல்ல போச்சு.

இங்கதான் நான் ஜனவரில நின்ன இடம். சிரிச்சாச்சு, கதை முடிஞ்சாச்சு, அடுத்த கேள்விக்குப் போயிடலாம். 2017ல ஹார்வர்ட்ல இருந்து ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஸ்பீட் டேட்டிங்ல பேசினதை எல்லாம் எடுத்துப் பாத்திருக்காங்க, சொன்ன பதில்ல இருந்தே அடுத்த கேள்வியைக் கேட்டவங்களுக்குத்தான் மறுபடி பாக்கலாம்னு அதிகமா சம்மதம் கிடைச்சிருக்கு. புதுசு புதுசா தலைப்பு மாத்திக் கேக்குறது அந்த அளவுக்கு எடுபடல. இதைப் படிச்சப்ப, சரி கவனிக்கிறவங்களை யாருக்குத்தான் பிடிக்காதுன்னு விட்டுட்டேன். அதுக்கு இன்னொரு பக்கம் இருக்குன்னு அன்னைக்குதான் தெரிஞ்சுது, முதல் பதில் ஏற்கனவே பத்து இடத்துல சொன்ன பதில், அதுக்கு அடுத்தது தான் யாரும் கேக்காதது.

"அப்ப பெரியப்பா முகம் எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டேன்.

அவரு சுண்டல் பேப்பரை மடிச்சாரு, திரும்பப் பிரிச்சாரு. "அவரு பந்திக்கு வரலைங்க. பஸ் ஏறி போயிட்டாரு." அப்புறம்? "அப்புறம்தான் தெரிஞ்சுது, மில்லு மூடி நாலு மாசம் ஆச்சாம். பெரியம்மாவுக்கே சொல்லல. டெய்லி டிஃபன் கேரியர் எடுத்துக்கிட்டு கெளம்பி பஸ் ஸ்டாண்ட்ல போய் உக்காந்துட்டு சாயங்காலம் வருவாராம்." அடுத்த ஞாயித்துக்கிழமை இவங்க அப்பா இவரைக் கூட்டிட்டு பெரியப்பா வீட்டுக்குப் போயிருக்காரு. மன்னிப்பு கேளுன்னு ஒண்ணும் சொல்லல. சாப்ட்டாங்க, அப்பாவும் பெரியப்பாவும் திண்ணைல உக்காந்து எதையோ பேசினாங்க, வந்துட்டாங்க. திரும்பி வர்ற பஸ்ல அப்பா ஒரே ஒரு தடவ வாயைத் திறந்தாராம், "அந்த நோட்டு படிக்கிறதுக்கு இல்லடா, திருப்பிச் செய்யிறதுக்கு."

நான் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் எனக்கே ஒரு மாதிரி ஆகி, "அப்ப இதைப் போய் விசேஷத்துல சொல்லி சிரிக்கிறீங்களே, பெரியப்பாவுக்கு கஷ்டமா இருக்காதா?"ன்னு கேட்டுட்டேன். கொஞ்சம் போலீஸ் மாதிரிதான் கேட்டேன், ஒத்துக்கிறேன். அவரு சிரிச்சாரு. "நாங்க யாரும் சொல்லலைங்க, ரொம்ப வருஷம் அந்தப் பேச்சே எடுக்கல. பெரியப்பா பொண்ணு கல்யாணத்துல அவரே மைக்கை வாங்கினாரு. என் தம்பி மகன் எவ்வளவு செஞ்சிருக்கான்னு அவனையே வந்து படிக்கச் சொல்லுங்கன்னாரு. மண்டபமே சிரிச்சுது. நான் சமையல் கட்டுப் பக்கம் போய் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன். அதுல இருந்து எல்லா விசேஷத்துலயும் அந்தக் கதையை அவருதான் சொல்றாரு. என்னை விட நல்லா சொல்வாரு, நீங்க கேக்கணும்."

என் ரூம்மேட் கேட்ட கேள்விக்கு மூணு மாசமா எனக்குக் கிடைக்காத பதில் இதுதான்னு தோணுச்சு. கேலிக்கு ஆளானவரு அந்தக் கதையை அவரே சொல்வாரான்றது. அந்த மேனேஜர் தன்னோட இங்கிலீஷ் கதையை சொல்லி சிரிப்பாரா, வாட்ச்மேன் சொல்வாரா? பெருமையா இருந்துச்சு எனக்கு, ஏதோ கண்டுபிடிச்சுட்ட மாதிரி. அப்பதான் அவரு, "இப்ப உங்க கதை"ன்னாரு.

எனக்கும் ஒரு கதை இருக்கு, ஹிட் கதை, ஆபீஸ் லஞ்ச்ல எல்லாம் கேட்டு வாங்கி சொல்ல வைப்பாங்க. 2020 லாக்டவுன், திருச்சில எங்க வீடு, இப்ப இருக்கிற வேலைக்கு வீடியோ கால்ல இன்டர்வியூ. பெட்ரூம்ல ஃபேனை எல்லாம் நிறுத்திட்டு, கட்டில் மேல அட்டைப் பெட்டி, அட்டைப் பெட்டி மேல லேப்டாப், நான் சர்வீஸ் டெலிவரி அது இதுன்னு உளறிட்டு இருக்கேன், பின்னாடி கதவு திறக்குது, அம்மா நைட்டிக்கு மேல துண்டு போட்டுக்கிட்டு காபி டம்ளரோட வர்றாங்க. ஸ்கிரீனைப் பாத்தாங்க, மூணு பேரு இருக்காங்க. என்ன பண்ணணும்னு தெரியாம, "நமஸ்காரம் சார், சாப்ட்டீங்களா சார்?" அதுல ஒருத்தரு டெல்லிக்காரரு. அம்மா விடல, "ஈட்டிங் ஓவர்?" இந்த "ஈட்டிங் ஓவர்"ஐ நான் அம்மா குரல்லயே சொல்வேன், தலையை அப்படி சாச்சு, துண்டை சரி பண்ணிக்கிட்டு. விழுந்து விழுந்து சிரிப்பாங்க.

அவரும் சிரிச்சாரு. இல்லன்னு சொல்ல முடியாது. அப்புறம் நான் கேட்ட மாதிரியேதான் கேட்டாரு, குத்திக்காட்டணும்னு எல்லாம் இல்ல, சாதாரணமா. "அப்புறம் அம்மா என்ன பண்ணாங்க?"

"என்ன பண்ணாங்க, போயிட்டாங்க"ன்னு ஆரம்பிச்சேன். ஆரம்பிச்சு வாயிலயே நின்னுடுச்சு. வேலை கெடச்சுது, கிட்டத்தட்ட ஒரு வருஷம் அந்த ரூம்ல இருந்துதான் வேலை பாத்தேன். அந்த ஒரு வருஷமும் நான் கால்ல இருக்கேன்னு தெரிஞ்சா அம்மா உள்ள இருக்க மாட்டாங்க. மாடிப்படில போய் உக்காந்துக்குவாங்க, கைல கீரையோ வெங்காயமோ எதையாவது வச்சுக்கிட்டு. கால் முடிஞ்சு நான் கதவைத் திறந்தா, "முடிஞ்சுதா?"ன்னு மெதுவா கேட்டுட்டு உள்ள வருவாங்க. மே மாசம் வெயில்ல, அந்தப் படில நெழல் கெடையாது. அன்னைக்கு கால் கட் ஆனதும் நான் அம்மாவை என்ன சொன்னேன்னும் ஞாபகம் வந்துச்சு, அதை இங்க எழுதல. இதெல்லாம் எனக்கு தெரியாத விஷயம் இல்ல, நான் பாத்ததுதான், கதைல சேத்ததில்ல அவ்ளோதான்.

இதையும் அவருகிட்ட சொன்னேனான்னா, படி வரைக்கும் சொன்னேன். அவரு ஆறுதல் எல்லாம் சொல்லல, அதுக்கு ஒரு நன்றி. "உங்க அம்மா இந்தக் கதையை யாருகிட்டயாவது சொல்வாங்களா?"ன்னு மட்டும் கேட்டாரு. நான் பத்து நிமிஷம் முன்னாடி கண்டுபிடிச்சு பெருமைப்பட்ட அதே அளவுகோல், அவருக்கு அது அளவுகோல்னே தெரியாது, சும்மா கேட்டாரு. ஜனவரி ஆளைப் பத்தி மூணு மாசமா நான் வச்சிருந்த தீர்ப்பு அப்படியே ஆடிப் போச்சு. அந்தாளுகிட்ட நான் ஒரு "அப்புறம்" கூட கேக்கல. கேட்டிருந்தா அந்த வாட்ச்மேன் கதைக்குப் பின்னாடியும் ஏதாவது மாடிப்படி இருந்திருக்குமோ என்னவோ. இல்லாமலும் இருந்திருக்கலாம், எல்லா கதைக்கும் அடில தங்கம் இருக்குன்னு நான் நம்பல. நாலு பேரு சிரிக்கணும்னு மட்டும் சொல்ற கதையும் உண்டு, மொத தடவ பாக்கும்போது வாயே திறக்காம ஆறாவது தடவதான் சிரிக்க வைக்கிற ஆளுங்களும் உண்டு, அவங்ககிட்ட இந்தக் கேள்வி எல்லாம் செல்லாது.

ஆட்டோவுக்கு நடக்கும்போது அவரு தன்னை அறியாம ஒரு தடவ "நீ"ன்னுட்டு, சட்டுன்னு "நீங்க"ன்னு திருத்திக்கிட்டாரு. நான் கவனிக்காத மாதிரி இருந்துட்டேன்.

ரூமுக்கு வந்ததும் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். மணி ஒன்பதரை, அவங்க தூங்கற நேரம். அம்மா, அந்த இன்டர்வியூ அன்னைக்கு நீ காபி எடுத்துட்டு வந்தியே, ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். "ஏன் இல்லாம? நீ கத்தினியே"ன்னாங்க. சாரிம்மான்னு சொன்னேன், அது எங்க வீட்ல புழங்குற வார்த்தை இல்ல, அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் டிவி சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் அம்மா குரலைத் தாழ்த்திக்கிட்டு, "அது கெடக்குது விடு. அந்தத் தம்பி சாப்ட்டாரா?"ன்னாங்க.